ஸ்பாட்டிஃபை கணக்கில் விளம்பரமும் தரவும்: எந்தக் குறைக்கு எந்த இடத்தில் கை வைப்பது

ஸ்பாட்டிஃபையில் தனியுரிமை அமைப்புகளை மாற்றியவர்கள் சொல்லும் குறைகளில் பாதி, தவறான பொத்தானை அணைத்ததால் வருபவை. விளம்பரத்தை அணைத்தால் பாட்டுப் பரிந்துரையும் மாறும் என்று நினைக்கிறார்கள். நண்பர்களுக்குத் தெரியாமல் கேட்க உதவும் பிரைவேட் செஷனில் கேட்டால் எதுவும் பதிவாகாது என்று நம்புகிறார்கள். உண்மையில் இங்கே மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. உங்களுக்கு எந்த விளம்பரம் வருகிறது என்பது ஒன்று. எந்தப் பாட்டு பரிந்துரைக்கப்படுகிறது என்பது இரண்டாவது. உங்களைப் பற்றி எது சேமிக்கப்படுகிறது என்பது மூன்றாவது. ஒன்றுக்கான பொத்தான் மற்றதைத் தொடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் கணக்கில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

## "விளம்பரத்தை அணைத்தேன், ஆனாலும் வருகிறது"

முதலில் அணைத்த இடம் சரிதானா என்று பாருங்கள். ஆப்புக்குள் தேடுவதைவிட உலாவியில் போவது எளிது. `spotify.com/account/privacy` என்ற முகவரிக்குப் போய் லாகின் செய்யுங்கள். அங்கே `Tailored Ads` என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அணைக்க வேண்டும். அதே பக்கத்தில் ஃபேஸ்புக் தரவைப் பயன்படுத்துவது பற்றிய பொத்தான் தெரிந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

இது விளம்பரத்தை நிறுத்தும் பொத்தான் இல்லை. இலவசக் கணக்கில் பாட்டுகளுக்கு நடுவே விளம்பரம் வந்துகொண்டேதான் இருக்கும். எண்ணிக்கையும் குறையாது. உங்களை வைத்து விளம்பரம் தேர்ந்தெடுப்பதுதான் குறைகிறது. அதிலும் ஒரு எல்லை உண்டு. இதை அணைத்த பிறகும், பதிவு செய்யும்போது நீங்கள் கொடுத்த விவரங்களையும், அந்த நேரத்தில் ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் வைத்து விளம்பரம் காட்டுவோம் என்று ஸ்பாட்டிஃபை தன் விளக்கத்திலேயே சொல்கிறது. பதிவு விவரம் என்றால் வயது, பாலினம், நாடு போன்றவை. 24 வயது ஆண் என்று பதிந்திருந்தால், அந்த வயது ஆண்களுக்கான விளம்பரம் பொத்தானை அணைத்த பிறகும் வரலாம். அது பொத்தான் வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் ஆகாது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? வரும் விளம்பரம் உங்கள் ஊரில், உங்கள் வயதில் இருக்கும் யாருக்கும் பொருந்தக்கூடியதா என்று பாருங்கள். குளிர்பானம், செல்போன் சலுகை, வங்கிக் கடன் என்றால் பொருந்தும். நீங்கள் வேறு ஆப்பில் நேற்றுப் பார்த்த குறிப்பிட்ட செருப்பு இங்கே வந்து நின்றால் கதை வேறு. அதற்கான காரணம் இரண்டு பகுதி தள்ளி வருகிறது.

## "பொத்தான் அணைந்துதான் இருக்கிறது, ஆனால் எதுவுமே மாறவில்லை"

இங்கே பலரும் யோசிக்காத ஒரு காரணம் உண்டு: உங்களுக்கு இரண்டு கணக்குகள் இருக்கலாம்.

இது எப்படி நடக்கிறது என்றால், முதலில் ஜிமெயிலில் ஒரு கணக்கு தொடங்குகிறோம். பிறகு புதுப் போன் வாங்கும்போது போன் எண்ணை வைத்தோ ஃபேஸ்புக் வழியாகவோ உள்ளே போகிறோம். பழைய கணக்குக்குள் போய்விட்டோம் என்று நினைக்கிறோம். ஆனால் புதிதாக இன்னொரு கணக்கு உருவாகியிருக்கும். பிறகு கணினி உலாவியில் ஜிமெயிலில் லாகின் செய்து விளம்பரப் பொத்தானை அணைக்கிறோம். அது பழைய கணக்கில் அணைகிறது. போனில் பாட்டுக் கேட்பதோ புதுக் கணக்கில். `Tailored Ads` கணக்கோடு ஒட்டிய அமைப்பு. ஒரே வீட்டில், ஒரே வைஃபையில் இருந்தாலும் அடுத்த கணக்குக்குத் தாவாது.

சோதிப்பது சுலபம். உலாவியில் கணக்குப் பக்கத்தில் பயனர் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். போனில் செட்டிங்ஸுக்குள் கணக்குப் பகுதியிலும் அதே விவரம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் சரி. இல்லையென்றால் இரண்டு கணக்கு. போனில் எந்த வழியில் உள்ளே போனீர்களோ அதே வழியில் உலாவியிலும் போய், அந்தக் கணக்கிலும் பொத்தானை அணையுங்கள். அப்புறம் தேவையில்லாத கணக்கை மூடிவிடுவதே நல்லது. யாரும் பார்க்காமல் கிடக்கும் கணக்கிலும் உங்கள் கேட்பு வரலாறு இருக்கிறது.

## "பிரீமியம் கட்டியும் பாட்காஸ்டில் விளம்பரம் வருகிறது"

பிரீமியம் என்பது பாட்டுகளுக்கு நடுவே விளம்பரம் வராமல் இருக்க. பாட்காஸ்டுக்கு அந்த உறுதி இல்லை. பாட்காஸ்டில் வரும் விளம்பரம் இரண்டு வகை. ஒன்று, நிகழ்ச்சி நடத்துபவரே பேசி ஒலிக்கோப்போடு சேர்த்துப் பதிந்தது. அது உலகம் முழுக்க எல்லாருக்கும் ஒன்றுதான், எந்த அமைப்பாலும் மாறாது. இன்னொன்று, நீங்கள் கேட்கும் நேரத்தில் நடுவே செருகப்படுவது. உங்கள் விவரம் பயன்படுவது இரண்டாவது வகையில்தான்.

எது வருகிறது என்று தெரிந்துகொள்ள, அதே நிகழ்ச்சியின் அதே பகுதியை வேறு கணக்கு வைத்திருக்கும் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். இருவருக்கும் அதே நிமிடத்தில் அதே குரலில் அதே விளம்பரம் வந்தால் அநேகமாகக் கோப்போடு ஒட்டியது. வேறு வேறாக வந்தால் செருகியது. செருகிய விளம்பரத்துக்கு மட்டுமே `Tailored Ads` பொத்தானால் பயன் உண்டு.

## "வேறு ஆப்பில் பார்த்த பொருள் இங்கே விளம்பரமாக வருகிறது"

இதற்கு ஸ்பாட்டிஃபை கணக்கு மட்டும் போதாது, போனையும் தொட வேண்டும். ஒவ்வொரு போனிலும் விளம்பர அடையாள எண் ஒன்று இருக்கிறது. பல ஆப்புகள் அதே எண்ணைப் படிப்பதால், ஒரு கடை ஆப்பில் செருப்பு பார்த்தவரும் இங்கே பாட்டுக் கேட்பவரும் ஒருவரே என்று விளம்பர நிறுவனங்களால் இணைத்துப் பார்க்க முடிகிறது.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் கூகுள் பகுதிக்குப் போய் `Ads` என்பதைத் தேடுங்கள். சில போன்களில் தனியுரிமைப் பகுதிக்குள் இருக்கும். அங்கே `Delete advertising ID` என்று இருப்பதை அழுத்துங்கள். அதன் பிறகு எண்ணைக் கேட்கும் ஆப்புகளுக்குப் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். `Reset` என்று இன்னொன்றும் இருக்கும். அது பழைய எண்ணுக்குப் பதில் புது எண் கொடுக்கிறது, அவ்வளவுதான். புது எண்ணைச் சுற்றி மறுபடியும் விவரம் சேரும். ஆகவே அழிப்பதையே தேர்ந்தெடுங்கள்.

ஐபோனில் `Privacy & Security`, அதற்குள் `Tracking`. அங்கே ஆப்புகளின் பட்டியலில் ஸ்பாட்டிஃபை தெரிந்தால் அணைத்துவிடுங்கள். ஆப்புகள் அனுமதி கேட்பதையே தடுக்கும் பொத்தானும் மேலே இருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், அனுமதி இல்லாமல் ஆப்புகளுக்கு அந்த எண் கிடைப்பதில்லை.

மாற்றம் உடனே தெரியாது. ஏற்கெனவே சேர்ந்த விவரம் தேய்ந்து போக நாளாகும். இரண்டு நாளில் பலன் இல்லையென்று மறுபடியும் எல்லாவற்றையும் கலைக்க வேண்டாம்.

## "விளம்பரத்தை அணைத்தேன், ஆனால் பரிந்துரை முழுக்கத் தாலாட்டு"

ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். மதுரையில் ஒருவர் தன் அக்கா குழந்தையைத் தினமும் மாலையில் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போனில் இலவசக் கணக்கு. குழந்தை தூங்கும்வரை தாலாட்டு ஓடும். ஒரு மாதத்தில் அவருக்கு இரண்டு தொந்தரவுகள். முகப்புப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த பழைய மெல்லிசைப் பாட்டுகள் போய்க் குழந்தைப் பாட்டுகள் வந்துவிட்டன. கூடவே டயப்பர் விளம்பரம். அவர் `Tailored Ads` பொத்தானை அணைத்தார். டயப்பர் மெல்லக் குறைந்தது. தாலாட்டுப் பரிந்துரை அசையவில்லை.

காரணம், பரிந்துரைக்கு அடிப்படை, அவர் கேட்டவற்றை வைத்து உருவாகும் ரசனைப் பதிவு. அதற்கும் விளம்பரப் பொத்தானுக்கும் சம்பந்தம் இல்லை. இதற்குச் சரியான மருந்து, தாலாட்டுகளை எல்லாம் ஒரே பிளேலிஸ்ட்டில் போட்டு, அந்தப் பிளேலிஸ்ட்டின் மூன்று புள்ளிகளைத் தொட்டு `Exclude from your taste profile` என்பதைத் தேர்ந்தெடுப்பது. அந்தப் பிளேலிஸ்ட்டிலிருந்து கேட்பவற்றுக்குப் பரிந்துரையில் எடை குறைந்துவிடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பிளேலிஸ்ட்டை விலக்கிவிட்டு, அவசரத்தில் தேடல் பெட்டியில் பாட்டின் பெயரைத் தட்டி நேரடியாக ஓடவிடுகிறார்கள். அப்போது அந்தப் பாட்டு பிளேலிஸ்ட்டிலிருந்து ஓடியதாகக் கணக்கில் வராது. குழந்தை அழும்போது யாருக்கும் பிளேலிஸ்ட்டைத் தேடிப் பிடிக்கத் தோன்றாது என்பது உண்மைதான். அதனால் அந்தப் பிளேலிஸ்ட்டை நூலகத்தின் மேலே பின் செய்து வைத்துவிடுங்கள்.

இன்னொரு வழி பிரைவேட் செஷன். செட்டிங்ஸுக்குள் தனியுரிமைப் பகுதியில் `Private session` என்று இருக்கும். இதைப் போட்டால் நீங்கள் கேட்பது நண்பர்களுக்குத் தெரியாது, பரிந்துரையையும் பாதிக்காமல் இருக்கலாம். ஆனால் இது நிரந்தரமாக நிற்காது, சில மணி நேரத்தில் தானே முடிந்துவிடும். மறுநாள் மாலை தாலாட்டுப் போடும்போது அது போய்விட்டிருக்கும், உங்களுக்கே தெரியாது. தினமும் நடக்கும் விஷயத்துக்குப் பிளேலிஸ்ட்டை விலக்குவதே சரி. எப்போதாவது ஒருநாள் வேறொருவர் உங்கள் போனில் கேட்கிறார் என்றால் பிரைவேட் செஷன் போதும்.

## "பிரைவேட் செஷனில் கேட்டது பதிவாகவில்லை, அப்படித்தானே?"

பதிவாகிறது. இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம், அதற்கு உங்கள் தரவை வாங்க வேண்டும்.

முன்பு சொன்ன `spotify.com/account/privacy` பக்கத்தின் கீழே `Download your data` என்ற பகுதி இருக்கிறது. மூன்று பொதிகள் தனித்தனியாகக் கேட்கலாம். `Account data` என்பதில் பிளேலிஸ்ட்டுகள், நூலகம், தேடல்கள், கட்டண விவரம், கடந்த ஓராண்டில் கேட்டவை ஆகியவை இருக்கும். சில நாளில் வந்துவிடும். `Extended streaming history` என்பது கணக்கு தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் கேட்ட எல்லாம். இதற்கு 30 நாள் வரை ஆகும். மூன்றாவது `Technical log information`. சாதாரணமாகத் தேவைப்படாது.

ஒரு மாதம் காத்திருந்தும் எதுவும் வரவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு படியைத் தவறவிட்டவர்கள். கோரிக்கை வைத்ததும் உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வரும். அதில் இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் வேலை தொடங்கும். அது ஸ்பேமில் கிடக்கும், அல்லது நீங்கள் பார்க்காத பழைய முகவரிக்குப் போயிருக்கும். கடைசியில் வரும் பதிவிறக்க இணைப்புக்கும் காலக்கெடு உண்டு. வந்ததும் இறக்கிவிடுங்கள்.

விரிந்த வரலாற்றுப் பொதியைப் பிரித்தால் `.json` கோப்புகள் இருக்கும். எந்த எழுத்துத் தொகுப்பியிலும் திறக்கலாம். நீங்கள் ஓடவிட்ட ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பதிவு. சில புலங்களை மட்டும் வைத்து ஒரு மாதிரி:

```
{
  "ts": "2024-03-09T16:42:10Z",
  "platform": "android",
  "ms_played": 31210,
  "conn_country": "IN",
  "reason_end": "fwdbtn",
  "skipped": true,
  "incognito_mode": true
}
```

முதல் வரி நேரம். கடைசியில் உள்ள `Z` உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் மார்ச் 9, இரவு 10:12. `ms_played` மில்லி நொடியில் இருக்கிறது, அதாவது 31 நொடி. 30 நொடி தாண்டினால் ஸ்பாட்டிஃபை அதை ஒரு முழுக் கேட்பாகக் கணக்கு வைக்கிறது, ஆக இது கணக்கில் வந்துவிட்டது. `fwdbtn` என்றால் அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தானை அழுத்தினீர்கள் என்று பொருள். கடைசி வரியைப் பாருங்கள். `incognito_mode` உண்மை என்றிருக்கிறது. அதாவது பிரைவேட் செஷனில் கேட்ட பாட்டும் இங்கே இருக்கிறது, பிரைவேட் செஷன் என்ற குறிப்போடு சேர்ந்தே இருக்கிறது. முழுப் பதிவில் பாட்டின் பெயரும் நீங்கள் இருந்த இணைய இணைப்பின் ஐபி முகவரியும்கூட வரும்.

இதைப் பார்த்து முதலில் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். எந்த இரவில் எத்தனை மணிக்கு எந்தப் பாட்டை எத்தனை முறை திருப்பிப் போட்டோம் என்பது ஒரு மனிதரின் மனநிலையைச் சொல்லிவிடும். இந்தக் கோப்பை "என் புள்ளிவிவரம் பார்க்கலாம்" என்று கண்ட இணையதளத்தில் ஏற்ற வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன்.

## "என்னைப் பற்றி என்ன முடிவு செய்திருக்கிறார்கள்?"

இதற்கான கோப்பு `Account data` பொதிக்குள் இருக்கிறது, பெயர் `Inferences.json`. நீங்கள் கேட்பதையும், விளம்பரக் கூட்டாளிகளிடமிருந்து கிடைப்பதையும் வைத்து உங்களை எந்தெந்தச் சந்தைப் பிரிவுகளில் சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அது. சில வரிகள் `1P` என்றும் சில `3P` என்றும் தொடங்கும். முதலாவது நிறுவனத்தின் சொந்தக் கணிப்பு, இரண்டாவது வெளியாரிடமிருந்து வந்தது என்று படிக்கலாம். நம் மதுரைக்காரருக்குக் குழந்தை இல்லை. இருந்தும் இங்கே பெற்றோர் என்று பொருள்படும் ஒரு வரி இருந்தால், டயப்பர் விளம்பரம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

`Tailored Ads` பொத்தானை அணைப்பதற்கு முன் ஒரு முறையும், அணைத்துச் சில மாதம் கழித்து ஒரு முறையும் இந்தக் கோப்பை வாங்கி ஒப்பிடுங்கள். பட்டியல் சுருங்கியிருக்கிறதா, புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் நேரடிச் சோதனை.

கோப்பில் சில வரிகள் புரியாவிட்டால் அது உங்கள் குறை இல்லை. ஸ்பாட்டிஃபையின் தாய்நாடான ஸ்வீடனிலேயே இது வழக்காகியிருக்கிறது. 2019இல் வியன்னாவைச் சேர்ந்த நொய்ப் என்ற தனியுரிமை அமைப்பு புகார் கொடுத்தது. 2023 ஜூனில் ஸ்வீடனின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 5.8 கோடி குரோனா அபராதம் விதித்தது. கேட்பவர்களுக்குத் தரவைக் கொடுக்கிறார்கள், ஆனால் அது எப்படிப் பயன்படுகிறது என்பதைப் போதிய தெளிவோடு சொல்லவில்லை என்பதே ஆணையம் கண்ட குறை. ஆகவே புரியாத வரியைச் சுட்டி விளக்கம் கேட்கத் தயங்க வேண்டாம். அதற்கான முகவரி `privacy@spotify.com`. கணக்கில் பதிந்த அதே மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள், கோப்பின் பெயரையும் வரியையும் அப்படியே ஒட்டுங்கள்.

## "எங்கோ ஓர் இணையதளத்தில் நான் கேட்டது தெரிகிறது"

எப்போதோ விளையாட்டாக ஒரு புள்ளிவிவர ஆப்புக்கு அனுமதி கொடுத்திருப்பீர்கள். `spotify.com/account/apps` பக்கத்தில் அந்தப் பட்டியல் இருக்கும். தெரியாத பெயருக்கு எதிரே `Remove access` அழுத்துங்கள். இது இனிமேல் எடுப்பதை மட்டும் நிறுத்தும். ஏற்கெனவே எடுத்துச் சென்றதை அழிக்க அந்த ஆப்பிடமே தனியாகக் கேட்க வேண்டும்.

## "எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், பொத்தான் எங்கே?"

கேட்பு வரலாறு முழுவதையும் ஒரே தட்டில் அழிக்கும் பொத்தான் இல்லை. ஸ்பாட்டிஃபையின் தனியுரிமைக் கொள்கைப்படி, தேடலில் தட்டியவை பொதுவாக 90 நாளில் நீக்கப்படும். கேட்பு வரலாறு பொதுவாகக் கணக்கு இருக்கும்வரை இருக்கும். எனவே பத்தாண்டுக் கணக்கு என்றால் பத்தாண்டு வரலாறு.

முழுவதும் போக வேண்டுமென்றால் கணக்கை மூடுவதே வழி. மூடுவதற்கு முன் `Account data` பொதியை இறக்கிப் பிளேலிஸ்ட்டுகளைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், பிறகு திரும்பக் கிடைக்காது. பிரீமியம் இருந்தால் முதலில் அதை ரத்து செய்யுங்கள். மூடியதும் 7 நாளுக்குள் மனம் மாறினால் மீட்டெடுக்க ஓர் இணைப்பு மின்னஞ்சலில் வரும். அதைத் தொடாமல் விட்டால் அழிப்பு தொடரும். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய சில பதிவுகள் மட்டும் அதற்குரிய காலம்வரை தங்கும். மூடிய பிறகு போனில் ஆப்பையும் நீக்கிவிடுங்கள். அது அங்கேயே இருந்தால், என்றோ ஒருநாள் போன் எண்ணைத் தட்டி உள்ளே போய், இன்னொரு கணக்கைத் தொடங்கிவிடுவீர்கள்.